பாதி ஸ்குவாட்டா, மெது ஸ்குவாட்டா, ஒற்றைக்காலா?

"வணக்கம் சார். எனக்கு 29 வயது, எடை 74 கிலோ, ஊர் திருப்பூர். நாலு வருஷமாக ஜிம் போகிறேன். ஸ்குவாட் 100 கிலோ, 5 ரெப் போடுவேன். இரண்டு மாதம் முன்பு முழு ஆழம் இறங்கும் ஆசையில் குதிகாலுக்கு அடியில் பிளேட் வைத்து ஆரம்பித்தேன். வாரம் இரண்டு நாள் செய்ததை மூன்றாக்கினேன், வாக்கிங் லஞ்சஸும் சேர்த்தேன். இப்போது வலது முட்டிச் சில்லைச் சுற்றி வலி. மாடிப்படி இறங்கினாலும் பஸ்ஸில் ரொம்ப நேரம் உட்கார்ந்தாலும் தெரிகிறது. எக்ஸ்ரே நார்மல். ஜிம்மில் ஒருவர் பாதி ஸ்குவாட் போதும் என்கிறார். இன்னொருவர் மெதுவாகச் செய் என்கிறார். மூன்றாமவர் பார்பெல்லை விட்டுவிட்டு ஒற்றைக்காலில் பிஸ்டல் ஸ்குவாட் பழகச் சொல்கிறார்; எடையே இல்லாததால் முட்டிக்கு நல்லதாம். யார் பேச்சைக் கேட்பது?"

மூன்றாமவரிடமிருந்து தொடங்குகிறேன். அவர் பேச்சைக் கேட்டால்தான் உங்கள் முட்டி அதிகம் கஷ்டப்படும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஸ்குவாட்டில் முட்டி சுமப்பது முட்டிக்கு மேலே இருக்கும் எடையைத்தான். கெண்டைக்காலும் பாதமும் சேர்ந்து ஒரு காலுக்கு உடல் எடையில் சுமார் 6 சதவீதம். உங்கள் 74 கிலோவில் இரண்டு காலுக்கும் சேர்த்து 9 கிலோவைக் கழித்தால் 65. அதோடு பார்பெல் 100 கிலோ, மொத்தம் 165. இரண்டு முட்டியும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 82 கிலோ சொச்சம். இப்போது பிஸ்டலுக்கு வாருங்கள். ஊன்றிய காலின் கெண்டையும் பாதமும் மட்டும்தான் கழியும். மீதி கிட்டத்தட்ட 70 கிலோ முழுவதும் ஒரே முட்டியில் உட்காரும். இரண்டு காலில் நின்று ஒவ்வொரு முட்டிக்கும் அதே 70 கிலோ வர வேண்டுமானால் பார்பெல்லில் 75 கிலோ போட வேண்டும். ஆக, 'எடையே இல்லாத' பிஸ்டல் என்பது 75 கிலோ ஸ்குவாட்டை முழு ஆழத்தில், அதுவும் தள்ளாடிக்கொண்டே செய்வதற்குச் சமம். வீடியோவில் பார்க்க அழகாக இருக்கும், அது வேறு விஷயம்.

இது தோராயக் கணக்குதான். உடலை முன்னால் சாய்த்தால் இடுப்பு கொஞ்சம் சுமையை வாங்கிக்கொள்ளும், முட்டி முன்னால் போனால் சுமை திரும்ப முட்டிக்கு வரும். ஆனாலும் எந்தப் பயிற்சி லேசு, எது கனம் என்று முடிவு செய்ய இது போதும். இரண்டு கேள்விதான்: ஒரு முட்டியில் எத்தனை கிலோ விழுகிறது, அந்த நேரத்தில் முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது. ஜிம்மில் உங்களுக்குக் கிடைத்த மூன்று யோசனைகளையும் இந்த இரண்டு கேள்வியை வைத்தே எடை போடலாம்.

அதற்கு முன் ஒரு சோதனை. வலி எங்கே என்று ஒரு விரலால் காட்டிப் பாருங்கள். சில்லைச் சுற்றியும் அதன் பின்னாலும் "இங்கேதான் எங்கோ" என்று உள்ளங்கையால் தடவிக் காட்டினால், நான் கீழே சொல்வது உங்களுக்குப் பொருந்தும். படி இறங்கும்போதும் நீண்ட நேரம் உட்காரும்போதும் வலிப்பது, சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவே வரும் இந்த வலியின் வழக்கமான அடையாளம். அப்படியில்லாமல் சில்லின் கீழ் முனையில் ஒரே புள்ளியை அழுத்தி "இங்கே" என்று சொல்ல முடிந்தால், குதித்து இறங்கும்போது அந்தப் புள்ளி சுருக்கென்று குத்தினால், அது தசைநாண் வலியாக இருக்கலாம். அதற்குத் திட்டம் வேறு. முட்டி வீங்குவது, நடுவில் பூட்டிக்கொள்வது, சட்டென்று மடங்கிக் கைவிடுவது, இரவில் படுத்திருக்கும்போதே வலிப்பது, இதில் ஏதாவது இருந்தால் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். கடகட சத்தம் மட்டும் கேட்டால் கவலை வேண்டாம். வலிக்காத முட்டிகளிலும் அந்தச் சத்தம் ஏராளம்.

இனி ஆழம். முட்டியை மடக்க மடக்க இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடக்கின்றன. உடலைத் தாங்கத் தொடையின் முன்தசை அதிகமாக இழுக்க வேண்டும். சில்லுக்கு மேலே இருக்கும் தசைநாணும் கீழே இருக்கும் தசைநாணும் ஒன்றையொன்று நோக்கி மடங்குவதால், அந்த இழுப்பில் பெரும் பங்கு சில்லைத் தொடை எலும்போடு அழுத்துவதாக மாறுகிறது. மடக்கும்போது சில்லு எலும்பைத் தொடும் பரப்பும் கூடத்தான் செய்கிறது, ஆனால் அழுத்தம் கூடும் வேகத்துக்கு அது ஈடுகொடுப்பதில்லை. அதனால்தான் நிற்கும் நிலையிலிருந்து சுமார் 45 டிகிரி வரை ஸ்குவாட் சில்லுக்கு லேசாக இருக்கிறது, அதற்குப் பிறகு 90 டிகிரி வரை சுமை வேகமாக ஏறுகிறது. 90ஐத் தாண்டியதும் மேல் தசைநாணே தொடை எலும்பின் பள்ளத்தில் பதிந்து கொஞ்சம் சுமையை வாங்கிக்கொள்கிறது. அதனால் அழுத்தம் அதே வேகத்தில் ஏறிக்கொண்டே போவதில்லை. முழு ஆழம் என்றாலே முட்டி போய்விடும் என்று பயமுறுத்துவதில் அவ்வளவு நியாயம் இல்லை.

"பாதி ஸ்குவாட் போதும்" என்பவர் தவறுவது இந்த இடத்தில்தான். தொடை தரைக்கு இணையாக வருவதற்குச் சற்று முன் நிறுத்துவதைத்தான் ஜிம்மில் பாதி என்கிறார்கள். அது கிட்டத்தட்ட அழுத்தம் உச்சத்தை நெருங்கும் இடம். அங்கே போய் நின்று திரும்புகிறோம். போதாக்குறைக்கு, ஆழம் குறைந்ததும் எடை தூக்குவது எளிதாகிவிடும், 100 போட்டவர் 130 போடுவார். 130 கிலோவில் 90 டிகிரி என்பது 80 கிலோவில் முழு ஆழத்தைவிடச் சில்லுக்கு நிம்மதி என்று என்னால் சொல்ல முடியாது. ஆழத்தைக் குறைப்பதானால் வலிக்கும் கோணத்துக்கு மேலேயே நிற்கும்படி குறைக்க வேண்டும், எடையையும் ஏற்றக் கூடாது.

அந்தக் கோணம் எது என்று ஊகிக்க வேண்டாம், அளந்து பார்க்கலாம். உடலைச் சூடேற்றிய பிறகு 40 கிலோ பார்பெல் போதும். பின்னால் ஒரு பெட்டி அல்லது பெஞ்ச் வையுங்கள், அதன் மேல் ரப்பர் பிளேட்டுகளை அடுக்கித் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரம் ஆக்குங்கள். மெதுவாக இறங்கி, பின்பக்கம் பெட்டியைத் தொட்டதும் எழுங்கள். அதன் மேல் உட்கார்ந்துவிடக் கூடாது. மூன்று ரெப் செய்துவிட்டு, வலி இல்லாததை 0, தாங்கவே முடியாததை 10 என்று வைத்து மனதுக்குள் ஒரு எண் சொல்லுங்கள். ஒரு பிளேட்டை எடுத்துவிட்டு மறுபடி. எந்த உயரத்தில் எண் 3ஐத் தாண்டுகிறதோ, அதற்கு ஒரு பிளேட் மேலே இருப்பதுதான் இப்போதைக்கு உங்கள் ஆழம். சிலருக்கு அது 50 சென்டிமீட்டரில் நிற்கும், சிலருக்கு 42 வரை போகும். பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்கு என்ன உயரம் என்பது உங்களுக்குத் தேவையில்லாத தகவல்.

குதிகாலுக்கு அடியில் வைத்த பிளேட்டை இந்தச் சோதனைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். கணுக்கால் இறுக்கமாக இருப்பவர்கள் ஆழம் போக அது உதவும், சரி. ஆனால் அது முட்டியை முன்னால் தள்ளி, இடுப்பு வாங்க வேண்டிய சுமையை முட்டியிடம் கொடுக்கிறது. கூடவே ஒரு நாள் கூடியது, லஞ்சஸ் கூடியது. மூன்றையும் ஒரே வாரத்தில் ஏற்றினீர்கள் போலிருக்கிறது. உங்கள் முட்டியில் ஏதோ தேய்ந்துவிட்டது என்று நினைப்பதைவிட, அதன் பழக்கத்தை மீறிச் சுமை ஏறிவிட்டது என்று நினைப்பது பொருத்தம்.

இதற்கு மறுகோடியும் உண்டு. முட்டி கால்விரலைத் தாண்டவே கூடாது என்று ஒரு காலத்தில் நானும் வருகிற எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படித் தடுத்தால் முட்டியின் சுமை குறைவது உண்மை, ஆனால் உடல் முன்னால் குனிந்து அந்தச் சுமையைப் பல மடங்காக இடுப்பும் கீழ்முதுகும் வாங்கும். முட்டி வலியோடு வந்த ஒருவரை முதுகு வலியோடு திருப்பி அனுப்பியபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. இப்போது நான் சொல்வது இதுதான்: இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி இறங்குங்கள், உடல் லேசாக முன்னால் சாயட்டும், முட்டி தானாக எவ்வளவு முன்னால் வருகிறதோ வரட்டும்.

மெதுவாகச் செய் என்றவர் சொன்னது சரி. ஏன் சரி என்று தெரிந்தால்தான் அதைச் சரியாகச் செய்ய முடியும். வேகமாக விழுந்து அடியில் துள்ளி எழும்போது, கீழே போகும் உடலையும் பார்பெல்லையும் ஒரு நொடிக்குள் நிறுத்தித் திருப்ப வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் முட்டிக்கு விழும் விசை பார்பெல்லில் எழுதியிருக்கும் எடையைவிட அதிகம், அதுவும் மடக்கு அதிகமாக இருக்கும் இடத்தில் விழுகிறது. மூன்று நொடி எடுத்து இறங்கினால் அந்தத் துள்ளல் சுமை இல்லாமல் போகிறது. இரண்டாவது காரணம், மெதுவாகச் செய்யும்போது பழைய எடையைப் பழைய எண்ணிக்கையில் தூக்குவது கஷ்டம். 100 கிலோ போடுபவருக்கும் குறைந்த எடையே கனமாகத் தெரியும். தசைக்கு வேலை குறையாது, சில்லுக்குச் சுமை குறையும். எடையைக் குறைக்கக் கௌரவம் இடம் கொடுக்காதவர்களுக்கு இதைவிட நல்ல தந்திரம் இல்லை.

நீங்கள் தொடங்க வேண்டிய டெம்போ: இறங்க மூன்று நொடி, பெட்டியைத் தொட்டு ஒரு நொடி, எழ இரண்டு நொடி. கையில் கடிகாரம் வேண்டாம், மனதுக்குள் 'ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு' என்று எண்ணினால் போதும்.

ஆனால் மெதுவுக்கும் ஒரு குறை உண்டு. வலிக்கும் கோணத்தை மெதுவாகக் கடந்தால் அந்தக் கோணத்தில் அதிக நேரம் இருக்கிறீர்கள். செட்டில் முதல் இரண்டு ரெப் லேசாக உறுத்தி, அப்புறம் அடங்கினால் பரவாயில்லை, தொடரலாம். ரெப்புக்கு ரெப் எண் ஏறி, ஆறாவதில் 5 ஆகிவிட்டால், டெம்போவை விட வேண்டாம், பெட்டிக்கு இன்னொரு பிளேட் போட்டு உயர்த்துங்கள். அடியில் நிறுத்தும் அந்த ஒரு நொடி, வலி இல்லாத உயரத்தில்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது ஒற்றைக்கால். பிஸ்டல் வேண்டாம் என்றேனே தவிர, ஒற்றைக்கால் பயிற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களுக்கு அது அவசியம். வலிக்கும் காலை உடல் தானாகவே ஏமாற்றும். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இரண்டு கிடைத்தால் காலுக்கு ஒன்றாக வைத்து ஏறி நின்று, பாதி மடக்கி, யாரையாவது எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். இடது 41, வலது 33 என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். இப்படியே மாதக்கணக்கில் ஸ்குவாட் செய்தால் வலி குறைந்தது போலத் தெரியும், ஆனால் வலது தொடை பலம் இழந்துகொண்டே போகும். ஒற்றைக்காலில் இந்த ஏமாற்று நடக்காது.

முன்னே போட்ட கணக்கு இங்கே கைகொடுக்கும். ஒற்றைக்காலில் கிலோவைக் குறைக்க முடியாது, 70 கிலோ 70தான். குறைக்கக் கூடியது மடக்கை மட்டும். அதனால் நான் கொடுப்பது ஸ்டெப் டவுன். ஏரோபிக்ஸ் வகுப்புக்கு வைத்திருக்கும் ஸ்டெப்பர் பலகை உங்கள் ஜிம்மிலும் மூலையில் கிடக்கும். அதன் மிகத் தாழ்ந்த உயரம் சுமார் 10 சென்டிமீட்டர். வலது காலில் அதன் மேல் நின்று, இடது காலை முன்னால் நீட்டி, மூன்று நொடியில் இறங்கிக் குதிகால் தரையைத் தொட்டதும் திரும்புங்கள். இடது காலில் எடை போடக் கூடாது, தரையில் முட்டை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விழுந்துவிடுவோம் என்ற பயம் இருந்தால் ஒரு விரலைச் சுவரில் வைக்கலாம்.

கண்ணாடி முன்னால் நின்று செய்யுங்கள். வலது முட்டி பெருவிரலையும் தாண்டி உள்பக்கம் சரிகிறதா, இடது இடுப்பு கீழே தொங்குகிறதா, ஊன்றிய குதிகால் தூக்குகிறதா என்று பாருங்கள். முதல் இரண்டும் நடந்தால் இடுப்பின் பக்கவாட்டுத் தசை தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒருக்களித்துப் படுத்து மேல் காலை நேராக, சற்றுப் பின்னால் வைத்துத் தூக்கும் பயிற்சியை 12 ரெப் வீதம் மூன்று செட் சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டிக்கும் இடுப்புக்கும் சேர்த்துப் பலம் கொடுப்பது, முட்டிக்கு மட்டும் கொடுப்பதைவிட இந்த வலியில் நன்றாக வேலை செய்கிறது. குதிகால் தூக்கினால் உயரம் உங்களுக்கு அதிகம் அல்லது கணுக்கால் இறுக்கம்.

இனி உங்கள் வாரம். திங்களும் வியாழனும் மட்டும் கால் நாள். பெட்டி ஸ்குவாட் 60 கிலோ, அளந்த உயரத்தில், சொன்ன டெம்போவில், ஆறு ரெப் வீதம் நாலு செட். அப்புறம் ஸ்டெப் டவுன் 10 சென்டிமீட்டரில், காலுக்கு எட்டு ரெப், மூன்று செட். வலது காலை முதலில் செய்யுங்கள், இடது காலும் அதே எண்ணிக்கையில் நிற்கட்டும். டெட்லிஃப்ட், ஹிப் திரஸ்ட் எதையும் நிறுத்த வேண்டாம். லெக் எக்ஸ்டென்ஷன் மெஷின் ஆசை இருந்தால் முட்டி 90 டிகிரி மடங்கிய நிலையில் தொடங்கிப் பாதி வரை, அதாவது 45 டிகிரி வரை மட்டும் நீட்டுங்கள். அந்த மெஷினில் கதை தலைகீழ், கால் நேராகும் கடைசிப் பகுதியில்தான் சில்லுக்கு அழுத்தம் அதிகம்.

இதில் எதை எப்போது ஏற்றுவது என்பதை ஜிம்மில் முடிவு செய்யாதீர்கள், மறுநாள் காலை மாடிப்படி முடிவு செய்யட்டும். தினமும் எழுந்ததும் அதே படிகளில் இறங்கி ஒரு எண் எழுதுங்கள். பயிற்சியின்போது எண் 3க்குள் இருந்து, மறுநாள் காலைப் படி வழக்கம்போலவே இருந்தால் அந்தப் பயிற்சி சரியான அளவு. அடுத்தடுத்து இரண்டு முறை அப்படி வந்தால் ஒரே ஒரு மாற்றம் செய்யலாம். காலை எண் கூடியிருந்தால் ஓய்வு எடுத்து உட்கார்ந்துவிட வேண்டாம், கடைசியாகச் செய்த மாற்றத்தை மட்டும் திருப்பிப் போடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றியிருந்தால் எது காரணம் என்று தெரியாமல் விழிப்பீர்கள், போன தடவை நடந்ததும் அதுதான்.

மாற்றும் வரிசை உங்கள் ஆசையைப் பொறுத்தது. உங்களுக்கு முழு ஆழம் வேண்டும் என்பதால் முதலில் ஆழம்: எடை 60லேயே நிற்க, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பிளேட் குறையட்டும். பெட்டி இல்லாமலே முழு ஆழம் வசப்பட்ட பிறகு எடை, ஒரு தடவைக்கு 5 கிலோ. 80ஐத் தாண்டி நிதானமாக நிற்கும்போது டெம்போவைத் தளர்த்தலாம், அடியில் துள்ளுவது கடைசியாகத் திரும்பி வரட்டும். ஆழத்தில் அக்கறை இல்லாத, எடைதான் முக்கியம் என்பவருக்கு இந்த வரிசையை மாற்றிக் கொடுப்பேன். ஸ்டெப் டவுன் தன் போக்கில் 10, 15, 20 என்று ஏறும். உயரம் ஏறும் வாரத்தில் ஸ்குவாட்டில் எதையும் தொடாதீர்கள். எல்லாம் சேர்த்து ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். ஆறு வாரத்தில் காலைப் படியின் எண் அசையவே இல்லையென்றால், இந்தக் கடிதத்தை நம்பிக்கொண்டிருக்காமல் நேரில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

20 சென்டிமீட்டர் ஸ்டெப் டவுன் எட்டு ரெப் வலியில்லாமல் வந்ததும் ஸ்பிளிட் ஸ்குவாட்டுக்கு மாறலாம். முதலில் பின்கால் தரையிலேயே இருக்கட்டும், அடி நீளமாக வைத்து முன் கெண்டைக்கால் நேராக நிற்கும்படி. அது பழகிய பிறகு பின்காலைப் பெஞ்சில் வைக்கும் பல்கேரியன். வாக்கிங் லஞ்சஸ் அதற்கும் பிறகுதான். அதில் ஒவ்வொரு அடியிலும் முன்னால் வரும் உடலை ஒரே முட்டி பிரேக் போட்டு நிறுத்த வேண்டும், களைத்த பிறகு அந்த அடிகள் எப்படி விழுகின்றன என்று நீங்களும் கவனித்திருப்பீர்கள். திரும்பத் தொடங்கும்போது டம்பெல் இல்லாமல், காலுக்கு ஆறு தடவை, இரண்டு சுற்று. குதிகால் பிளேட்டை எடுத்துவிட்டதால் முழு ஆழத்தில் கணுக்கால் தடுக்கிறது என்றால், சுவரைப் பார்த்து நின்று குதிகால் தரையில் இருக்க முட்டியால் சுவரைத் தொடும் பயிற்சியை இப்போதிருந்தே தினம் இரண்டு நிமிடம் செய்துவாருங்கள். கட்டைவிரலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி 10 சென்டிமீட்டரை எட்டும்போது பெரும்பாலானவர்கள் அந்த பிளேட்டைத் தேடுவதில்லை.